எல்-சிஸ்டம் மரத்தில் கிளைக் கோணமும் இலை இடமும்: இரண்டையும் கணுவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாவர லைப்ரரி ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்-சிஸ்டம் வைத்து மரம் வருகிறது, ஆனால் எல்லாம் மீன்முள் மாதிரி இருக்கிறது. கோணத்தில் ரேண்டம் சேர்த்தால் புதர் மாதிரி ஆகிவிடுகிறது. இலைகள் அடிமரத்தில்கூட முளைக்கின்றன, இல்லையென்றால் நுனியில் மட்டும் கொத்தாக நிற்கின்றன. ஒரு அளவை லேசாக மாற்றினாலும் மரமே வேறு மரமாகிவிடுகிறது. கிளைக் கோணத்தையும் இலை இருக்கும் இடத்தையும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்:

நீங்கள் சொல்லும் நான்கு தொல்லைக்கும் வேர் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளையையும் இலையையும் தனித்தனி விஷயங்களாக வைத்திருக்கிறீர்கள். செடியில் அவை அப்படி இல்லை. தண்டில் ஒரு கணு உண்டாகிறது, அந்தக் கணுவில் ஓர் இலை வருகிறது, இலைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள கோணத்தில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த மொட்டுதான் பிறகு கிளையாகிறது. அதாவது இன்று கிளை இருக்கும் இடத்தில் முன்பு இலை இருந்தது. விதிகளை இந்தக் கணுவை மையமாக வைத்து எழுதினால் கிளைக்கும் இலைக்கும் ஒரே வரிசை கிடைத்துவிடும்.

குறிகளை விதிப்படி மாற்றி மாற்றி எழுதும் இந்த எல்-சிஸ்டம் முறையை உயிரியலாளர் லிண்டன்மாயர் 1968இல் கொண்டுவந்தபோது அவர் கவனத்தில் இருந்தவை இழை வடிவ எளிய உயிர்கள். எந்த செல் எதற்குப் பக்கத்தில், எது எப்போது பிரிகிறது என்பதே அவருடைய கேள்வி, கோணம் அதில் இல்லவே இல்லை. கோணம் பின்னால், குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து நகர்ந்தும் திரும்பியும் கோடு போடும் டர்ட்டில் வரைதலோடு சேர்ந்து வந்தது. இந்தப் பிரிவினையை உங்கள் லைப்ரரியிலும் காப்பாற்றுங்கள். எது எதில் ஒட்டியிருக்கிறது, எந்த வரிசையில் பிறந்தது என்பதை விதிகள் சொல்லட்டும். கோணம் தனி அட்டவணையிலோ வளைகோட்டிலோ இருக்கட்டும்.

முதலில் மீன்முள் விஷயம். `F[+F]F[-F]` போன்ற விதியில் `+`, `-` இரண்டும் ஒரே தளத்தில் திருப்புகின்றன. முப்பரிமாணத்தில் ஒரு கிளைக்கு இரண்டு கோணங்கள் உண்டு. தாய்த் தண்டிலிருந்து எவ்வளவு விலகிச் சாய்கிறது என்பது ஒன்று, அதைச் சாய்வுக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். தண்டைச் சுற்றி எந்தப் பக்கத்தில் கிளம்புகிறது என்பது இன்னொன்று, அது சுற்றுக் கோணம். ரேண்டம் சேர்த்ததும் மரம் புதராவதற்குக் காரணம், பெரும்பாலும் இரண்டையும் ஒரே எண்ணால் குலுக்குவதுதான். சாய்வு மரத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. அது கிளைக்குக் கிளை சீராக மாற வேண்டும், குலுக்கல் குறைவாக இருக்க வேண்டும். சுற்று இனத்தின் அடையாளம். அதில் வரிசை கட்டாயம்.

நான் எழுதும் விதி இப்படி இருக்கும்:

```
axiom: A(0,0)

A(n,k) : n < N[k]
  -> F(len[k]) [ /(off[k] + n*div[k]) P(n,k) B(n,k,0) ] A(n+1,k)

B(n,k,t) : t < D[k]             -> B(n,k,t+1)
B(n,k,t) : k < K && keep(n,k)   -> &(ang(n,k)) $ A(0,k+1)
B(n,k,t) :                      -> ε
```

`A` வளரும் நுனி. `k` எத்தனையாவது நிலைக் கிளை என்பதைச் சொல்கிறது. அடிமரம் 0, அதிலிருந்து வருவது 1, இப்படி. `n` அந்த அச்சில் எத்தனையாவது கணு. `F` ஒரு கணுவிடை, அதாவது இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள தண்டு. `/` தண்டைச் சுற்றி உருட்டும், `off` அந்தச் சுற்று தொடங்கும் கோணம், `div` கணுவுக்குக் கணு அது கூடும் அளவு, `ang` சாய்வுக் கோணம். `P` இலைக்கான இடக்குறி மட்டும், அது இப்போது எதையும் வரைவதில்லை. `B` தூங்கும் மொட்டு, `D[k]` படிகள் காத்திருந்து விழிக்கும் அல்லது மறையும். விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சுற்றுக் கோணம் அடைப்புக்குள் இருக்கிறது, அதுவும் `n*div` என்று முழுதாகக் கணக்கிட்டு. பலர் `/(137.5)` என்பதை அடைப்புக்கு வெளியே போட்டுக் கணுவுக்குக் கணு கூட்டிக்கொண்டே போவார்கள். குலுக்கல் இல்லாதவரை இரண்டும் ஒன்றுதான். குலுக்கலைச் சேர்த்தவுடன் வெளியே போட்டவரின் பிழை சேர்ந்துகொண்டே போகும், இருபது கணு தாண்டினால் வரிசை என்று எதுவும் மிஞ்சாது. அடைப்புக்குள் போட்டால் ஒவ்வொரு கிளையும் தன் இடத்திலிருந்து கொஞ்சம் விலகும், அடுத்த கணுவைப் பாதிக்காது.

`div` எவ்வளவு? மாற்றிலை அமைவில் சுருளாக இலை விடும் மரங்களுக்கு 137.5 பாகை. சீத்தா போல இரு வரிசையாக இலை விடுவதற்கு 180. தேக்கு போலக் கணுவுக்கு இரண்டு எதிரிலைகள், அடுத்த ஜோடி முந்தையதற்குக் குறுக்காக என்றால், கணுவில் இரண்டு `P`, இரண்டு `B` எதிரெதிரே வைத்து `div`ஐ 90 ஆக்குங்கள். ஏழிலைப்பாலை போலக் கணுவைச் சுற்றி வட்டமாக வருவதற்கும் இதே வழிதான், எண்ணிக்கை கூடும், `div` 180ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்ததாக மாறும்.

137.5 என்பதை 135 என்று தோராயப்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். எட்டுக் கணுவுக்கு 8 × 135 = 1080, சரியாக மூன்று சுற்று. ஒன்பதாவது கிளை முதல் கிளைக்கு நேர் மேலே வந்து நிற்கும், மேலிருந்து பார்த்தால் எட்டுக் கம்பி வரிசை தெரியும். 137.5 என்றால் அதே எட்டுக் கணுவில் 1100, அதாவது மூன்று சுற்றுக்கு மேல் 20 பாகை தள்ளி விழுகிறது. இரண்டரைப் பாகை வித்தியாசம்தான், ஆனால் கண்ணுக்கு உடனே தெரியும். கேமராவை மரத்தின் உச்சிக்கு மேல் வைத்து நேராகக் கீழே பார்ப்பதுதான் இந்தப் பிழையைப் பிடிக்கச் சுலபமான வழி.

இன்னொரு பொறி `keep`இல் இருக்கிறது. எல்லா மொட்டும் கிளையாவதில்லை, எனவே சிலவற்றைத் தள்ளுவோம். அதற்கு "மூன்றில் ஒன்று" என்று `n % 3 == 0` எழுதினால் கிளைகளுக்கு இடையே உள்ள சுற்று 137.5ஆக இருக்காது. 3 × 137.5 = 412.5, அதாவது 52.5 பாகை. கிளைகள் சுழல் படிக்கட்டாக ஏறும். எட்டில் ஒன்று என்றால் 20 பாகைப் படிக்கட்டு. ஆக, எண்ணி விடும் விதி எதுவாக இருந்தாலும் அது சுற்றுக் கோணத்தையும் சேர்த்து மாற்றிவிடும். நிகழ்தகவு வைத்துத் தேர்ந்தெடுங்கள். அடுக்கடுக்காகக் கிளை விடும் மரம் வேண்டுமென்றால் மட்டும் எண்ணிக்கையை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். ஆறு கணுவில் முதல் மூன்றை வைத்து அடுத்த மூன்றை விட்டுவிட்டால், அந்த மூன்று கிளைகளும் 0, 137.5, 275 என்று சுற்றிலும் ஏறக்குறையச் சமமாக விழும். நாட்டு வாதுமை மாதிரியான தட்டு அமைப்பு இதிலேயே கிடைத்துவிடும்.

சரி, சாய்வுக் கோணம். கிளைக் கோணம், நீள விகிதம் போன்ற சில எண்களை மட்டும் மாற்றியே மிக வேறுபட்ட மர வடிவங்களைக் கொண்டுவரலாம் என்று ஆய்வாளர் ஹோண்டா 1971இலேயே காட்டிவிட்டார். அவருடைய மாதிரியில் கிளைக் கோணங்கள் மரம் முழுக்க மாறுவதில்லை. அதிலிருந்து ஒரு படி மேலே போய், ஒரே அச்சுக்குள் கணு எண்ணைப் பொறுத்தும் கோணத்தை மாற்றுங்கள். கீழ்க்கிளைகள் வயதானவை, தாழ்ந்து விரிந்திருக்கும். மேல்கிளைகள் இளையவை, செங்குத்தாக இருக்கும்.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அடிமரத்தில் 24 கணு, கணுவிடை 25 செ.மீ., ஆக உயரம் 6 மீட்டர். முதல் ஆறு கணுவில் கிளை வேண்டாம், 1.75 மீட்டர் வெறும் தண்டு. சாய்வு முதல் கிளை வரும் 6ஆவது கணுவில் 80 பாகை, உச்சியில் 35. நடுவில் நேர்கோடாகவே குறைத்தால் 12ஆவது கணுவில் ஏறக்குறைய 64 வரும். முதல் நிலைக் கிளைக்கு 14 கணு, கணுவிடை 18 செ.மீ. மொட்டின் காத்திருப்பு `D[0]` = 4.

இந்தக் காத்திருப்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். `n`ஆவது கணுவின் மொட்டு `n+6`ஆவது படியில்தான் நுனியாக மாறுகிறது. 30ஆவது படியில் நிறுத்தினால் கிளைக்கு 24 − n கணு இருக்கும், உச்சவரம்பு 14. எனவே 10ஆவது கணு வரை உள்ள கிளைகள் முழு நீளம், 16ஆவதில் 8 கணு, உச்சியில் 23ஆவதில் ஒரே ஒரு கணு. தலைப்பகுதி தானாகவே கூம்பிவிட்டது. மேல்கிளை நீளத்தைக் குறைக்கத் தனிப் பெருக்கல் எண் ஒன்றும் தேவைப்படவில்லை. நீளத்தை வெறும் விகிதமாகக் கொடுத்தால் வரும் செயற்கைத்தனம் இதில் வராது, ஏனென்றால் குட்டையான கிளையில் இலையும் உள்கிளையும் அதே அளவுக்குக் குறைவாகவே இருக்கும்.

இதற்கு மேல் வளைவு சேர்க்க வேண்டும். கிளை நேர்க்குச்சியாக இருந்தால் எந்தக் கோணம் கொடுத்தாலும் பிளாஸ்டிக் மரம்தான். வழக்கமான முறை, ஒவ்வொரு கணுவிடைக்குப் பிறகும் டர்ட்டிலின் திசையை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கிச் சிறிது திருப்புவது. திருப்பும் அளவு `e * |H × T|`. `H` டர்ட்டில் போகும் திசை, `T` இழுக்கும் திசை, `e` இழுப்பின் வலு. `T` மேல்நோக்கி என்றால் வெளிச்சத்தை நோக்கி நிமிரும், கீழ்நோக்கி என்றால் தொங்கும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். 80 பாகை கொடுத்தேன், திரையில் 80 தெரியவில்லையே என்பார்கள். தெரியாது, வளைவு அதைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். செங்குத்திலிருந்து அளக்கும் கோணம் θ என்றால், ஒவ்வொரு படியிலும் அது ஏறக்குறைய `e·sin θ` ரேடியன் குறைகிறது. அதிலிருந்து வருவது:

```
tan(θn/2) = tan(θ0/2) * exp(-e*n)
```

`e` = 0.05, `n` = 14 என்று வைப்போம். `exp(-0.7)` ஏறக்குறைய 0.497. 80 பாகையில் கிளம்பும் கிளைக்கு tan 40 = 0.839, பெருக்கினால் 0.417, அதாவது நுனி 45 பாகையில் நிற்கும். கிடைமட்டமாக, 90இல் கிளம்புவது 53இல் முடியும். ஓவியர் "கிளை நுனி 60 பாகையில் இருக்க வேண்டும்" என்று கேட்டால் இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு அடிக்கோணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடலாம். லைப்ரரியில் அடிக்கோணம், நுனிக்கோணம் என்ற இரண்டையும் வெளியே காட்டி, `e`ஐ உள்ளே கணக்கிட்டுக்கொள்வதுதான் பயன்படுத்துபவருக்கு வசதி என்பது என் கருத்து. `e` என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சூத்திரத்தில் `n` படிகளின் எண்ணிக்கை. தூரத்து மரத்துக்கு 14 கணுவிடையை 7 ஆக்கினால் வளைவும் பாதியாகிவிடும், அருகே வரும்போது கிளைகள் சட்டென்று நிமிரும். எனவே `e`ஐ நீளத்தோடு பெருக்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று வையுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 18 செ.மீ.க்கு 0.05 என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.28.

விதியில் `&` முடிந்ததும் ஒரு `$` இருக்கிறது. அது டர்ட்டிலைத் தன் அச்சிலேயே உருட்டி, அதன் இடப்பக்கத்தைக் கிடைமட்டமாக்கும். இது இல்லையென்றால் தாய்த் தண்டின் உருட்டல் அப்படியே குழந்தைக்கு வந்துவிடும், இரண்டாம் நிலைக் கிளைகள் எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. `$` இருந்தால் ஒவ்வொரு கிளையும் தெரிந்த நிலையிலிருந்து தொடங்கும். அப்போது `off[k]`க்குப் பொருள் வருகிறது. இரு வரிசை அமைவில் `off` = 90, `div` = 180 என்றால் சிறுகிளைகள் இடமும் வலமுமாக விரிந்து தட்டையான விசிறி வரும். `off` = 0 என்றால் அதே விசிறி செங்குத்தாக நிற்கும், பார்க்கவே விநோதமாக இருக்கும். கிளை நேர் செங்குத்தாக இருக்கும்போது `$`க்கு விடை கிடையாது. அந்த நிலையில் பழைய உருட்டலை அப்படியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பூஜ்யத்தால் வகுத்து மெஷ் முழுக்க எண்ணே அல்லாத `NaN` மதிப்புகள் வந்து மரமே காணாமல் போகும்.

இப்போது இலை. விதியில் `P` என்ற இடக்குறியை மட்டும் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நேராக `L(t)` என்று எழுதி, படிக்குப் படி வயதைக் கூட்டி, வயது முடிந்ததும் உதிர்க்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அது அழகாக வேலை செய்யும். ஆனால் ஒரு கிளை `N[k]`ஐ எட்டி நின்றுவிட்டால் புது இலை வராது, பழைய இலைகளுக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகும். சில படிகளில் கீழ்க்கிளைகள் எல்லாம் மொட்டையாகி, மேலே மட்டும் இலை இருக்கும். படி எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டக் கீழிருந்து மேலாக மரம் காய்வதைப் பார்த்தால் இதுதான் பிரச்சினை என்று தெரிந்துகொள்ளலாம்.

அதனால் இலை முடிவை விதியிலிருந்து எடுத்துவிட்டு, மரம் முழுதும் உருவான பிறகு இரண்டாவது சுற்றில் செய்யுங்கள். அப்போது விதி ஓடும்போது தெரியாத இரண்டு விஷயங்கள் கையில் இருக்கும். ஒன்று, இந்தக் கணு தன் அச்சின் நுனியிலிருந்து எத்தனை கணு தள்ளி இருக்கிறது. இரண்டு, இந்த இடத்தில் தண்டு எவ்வளவு தடிமன்.

தடிமனை நுனியிலிருந்து அடி நோக்கிக் கூட்ட வேண்டும். தாயின் ஆரத்தின் வர்க்கம், குழந்தைகளின் ஆரங்களின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகை. லியனார்டோ டா வின்சியின் குறிப்புகளிலிருந்து வரும் விதி இது. நுனி ஆரம் 1.5 மி.மீ. என்று வைத்தால், ஓர் இடத்தின் ஆரம் என்பது 1.5ஐ அந்த இடத்துக்கு மேலே உள்ள நுனிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. நம் மரத்தில் 11 முதல் நிலைக் கிளை, ஒவ்வொன்றிலும் 7 சிறுகிளை, ஒவ்வொரு சிறுகிளையிலும் 4 குச்சி என்று, எல்லாம் முழுதாக வளர்ந்ததாகவே வைப்போம். சிறுகிளைக்கு 5 நுனி, கிளைக்கு 36, மரத்துக்கு 397. அடிமரத்தின் ஆரம் ஏறக்குறைய 30 மி.மீ., குறுக்களவு 6 செ.மீ. ஆறு மீட்டர் இளமரத்துக்கு நம்பும்படியான அளவு. அடுக்கை 2லிருந்து 2.5க்கு ஏற்றினால் அதே மரத்தின் அடி ஆரம் 16 மி.மீ.க்கு இறங்கிவிடும், மெலிந்து நிற்கும். தடிமன் சரியில்லை என்றால் நுனி ஆரத்தைத் தொடாதீர்கள், இந்த அடுக்கைத் தொடுங்கள்.

இப்போது இலை விதி மிக எளிது. ஆரம் 3 மி.மீ.க்கு மேல் போன இடத்தில் இலை இல்லை. வர்க்க விதிப்படி 3 மி.மீ. என்றால் நான்கு நுனிகளைத் தாங்கும் இடம். அதாவது நான்கு நுனி வரை சுமக்கும் தண்டில் இலை உண்டு, அதற்கு மேல் சுமக்கும் தண்டில் இல்லை. அடிமரத்தில் இலை முளைக்கும் பிரச்சினை இந்த ஒரு நிபந்தனையிலேயே தீர்ந்துவிடும். நுனியில் மட்டும் கொத்தாக நிற்பதும் தீரும், ஏனென்றால் குச்சி முழுக்க ஒவ்வொரு கணுவிலும் இலைக்கு இடம் இருக்கிறது. மா, வேம்பு போல இலைகள் கிளை நுனியில் நெருங்கி நிற்பதுதான் வேண்டுமென்றால், "நுனியிலிருந்து 5 கணுவுக்குள்" என்ற இரண்டாவது நிபந்தனையைச் சேர்த்து, குச்சியின் கடைசிக் கணுவிடைகளையும் குட்டையாக்குங்கள். அது இனத்தின் குணம், பிழை அல்ல. வேம்பு போன்ற கூட்டிலைக்கு முழு இலையும் ஒரே மெஷ். சிற்றிலைகளுக்கு மொட்டுக் கிடையாது, அவற்றை விதிக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இடம் கிடைத்துவிட்டது, அப்புறம் இலையின் திசை. பலருடைய மரத்தில் இலை இருக்கும் இடம் சரியாக இருந்தும் தோற்றம் சரியாக இல்லாமல் போவது இதனால்தான், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இலை தண்டிலிருந்து விலகும் கோணத்தை வயதுப்படி வையுங்கள். நுனி இலை தண்டை ஒட்டி 25 பாகை, ஒவ்வொரு கணு கீழே போகப் போக 8 பாகை கூட்டி, 65இல் நிறுத்தினால் போதும். முகம் எங்கே பார்க்கிறது என்பது அடுத்தது. இலை உண்டாகும்போது அதன் மேற்புறம் தண்டின் நுனிப் பக்கம் பார்த்திருக்கும். செங்குத்துத் தண்டில் நுனி மேலே இருப்பதால் இலையும் மேலே பார்க்கும், பிரச்சினை இல்லை. கிடைமட்டக் கிளையில் நுனி பக்கவாட்டில் இருக்கிறது. அதே விதியை அங்கே போட்டால் இலைகள் எல்லாம் கிளை போகும் திசையைப் பார்த்து, அட்டைகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கும். உண்மையான செடி காம்பை முறுக்கி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புகிறது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்:

```
n0 = normalize(H - d*dot(H,d))   // தண்டு நுனிப் பக்கம்
u  = up - d*dot(up,d)            // மேல்நோக்கு, d-க்குச் செங்குத்தாக
φ  = atan2(dot(d, cross(n0,u)), dot(n0,u))
n  = rotate(n0, d, w*length(u)*φ)
```

`d` இலை நீளும் திசை, `n` இலையின் முகம், `w` முறுக்கும் அளவு. `w` 0 என்றால் முறுக்கமே இல்லை. 0.7 பக்கம் பெரும்பாலான அகன்ற இலை மரங்களுக்கு நன்றாக வரும். 1 வைத்தால் எல்லா இலையும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்து, ஒளி விழும்போது தட்டையாகத் தெரியும். `length(u)`ஆல் பெருக்குவதற்குக் காரணம், இலை கிட்டத்தட்ட நேர் மேலேயோ கீழேயோ நீளும்போது "மேல்பக்கம்" என்பதற்கே பொருள் இல்லை. அங்கே முறுக்கம் மெதுவாகப் பூஜ்யமாகிவிடும். இரண்டு திசைகளை நேராகக் கலந்தால், தொங்கும் கிளையில் அவை எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் கோணமாகச் சுழற்றுகிறேன்.

கடைசியாக, ஓர் அளவை மாற்றினால் மரமே மாறுவது. ஒரே ரேண்டம் ஓடையிலிருந்து வரிசையாக எண் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கிளையில் ஒரு கணு கூடினால் அங்கே ஓர் எண் கூடுதலாகச் செலவாகி, அதற்குப் பிறகு உள்ள எல்லாக் கிளைக்கும் வேறு எண் போய்ச் சேருகிறது. ஓடையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் அதன் பிறப்பு வழியிலிருந்து ஓர் அடையாளம் கொடுத்து, அதிலிருந்தே எண்ணை ஹாஷ் செய்யுங்கள்:

```
id(child) = hash(id(parent), n)
r   = hash01(id(child), CH_ANGLE)
ang = base(n,k) + s * (2*r - 1)
```

அடிமரத்தின் அடையாளம் சீடு. `CH_ANGLE` போலக் கோணத்துக்கு ஒன்று, `keep`க்கு ஒன்று, இலைக்கு ஒன்று என்று தனித்தனி மாறிலி வேண்டும். அப்போது இலைக் குலுக்கலை மாற்றினால் கிளை அசையாது. `keep`இன் நிகழ்தகவை 0.6லிருந்து 0.5 ஆக்கினால் சில கிளைகள் மட்டும் மறையும், மிச்சம் உள்ளவை தங்கள் இடத்திலேயே நிற்கும். ஸ்லைடரை இழுத்துப் பார்க்கும் ஓவியருக்கு மரம் மொத்தமாகத் துள்ளுகிறதா, நிதானமாக மாறுகிறதா என்பது பெரிய வித்தியாசம். சாய்வுக்கு `s` 6 பாகை, சுற்றுக்கு 10 பாகை என்று தொடங்கிப் பாருங்கள். இவற்றுக்கு வெகு மேலே போனால்தான் இயற்கையாகத் தெரிகிறது என்றால், அடிப்படை வரிசையில் வேறு ஏதோ தவறு ஒளிந்திருக்கிறது. குலுக்கலை முழுதாக 0 ஆக்கிவிட்டு மேலிருந்து ஒருமுறை பாருங்கள்.

இதே ஹாஷ் தூரத்து மரத்துக்கும் உதவும். ஒவ்வொரு இலைக்கும் 0க்கும் 1க்கும் இடையே ஒரு நிலையான எண் இருக்கிறது. கால்வாசி இலை போதும் என்றால் 0.25க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் இரண்டு மடங்காக்குங்கள். மொத்தப் பரப்பு அதேதான், எனவே மரத்தின் அடர்த்தி குறைந்ததாகத் தெரியாது. பொதுவாக, `f` பங்கு இலையை வைத்தால் அளவை `1/sqrt(f)` மடங்காக்க வேண்டும். அளவை ஒரே தாவலில் மாற்றாமல் தூரத்தோடு தொடர்ச்சியாக மாற்றுங்கள், விடைபெறும் இலை சட்டென்று மறையாமல் சுருங்கி மறையட்டும். ஓர் இலை திரையில் சில பிக்சல் அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும், கிட்டே செய்தால் இலை பூதாகரமாகத் தெரிந்துவிடும்.